பீப் சொல்லாததை எண் சொல்லும்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அயர்ன் பாக்ஸோடு வந்தார். "தம்பி, இது சூடே ஆகல. காயில் போயிடுச்சுன்னு இவன் சொல்றான். தூக்கிப் போட்டுடவா?" பின்னாலேயே அவருடைய மகன். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. கையில் மஞ்சள் நிற மல்டிமீட்டர்.

"பிளக்ல பஸ்ஸர் வச்சுப் பார்த்தேன் மாமா. பீப் வரல. அப்போ காயில் அவுட்தானே?" என்றான். "போன வாரம் கீசரையும் பார்த்தேன். அதுல பீப் வந்துச்சு. அது ஷார்ட்."

அயர்ன் பாக்ஸில் பீப் வராததால் கெட்டுவிட்டது; கீசரில் பீப் வந்ததால் கெட்டுவிட்டது. இரண்டு முடிவுமே தவறு என்பது பிற்பகலுக்குள் தெரிந்துவிட்டது. மீட்டரில் குறை ஏதும் இல்லை. அது என்ன கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மீட்டர், இரண்டு வேலை

மல்டிமீட்டரின் நடுவில் உள்ள திருகைச் சுற்றிலும் ஏகப்பட்ட எண்கள் இருக்கும். வீட்டு வேலைக்கு அவற்றில் பாதிகூட வேண்டாம். `V~` என்பது வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தின் வோல்டேஜ். `V⎓` என்பது பேட்டரி, சார்ஜர் போன்றவற்றின் டி.சி. வோல்டேஜ். `Ω` என்பது மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ். ஒலி அலை போன்ற சின்னம் கன்டினியூட்டிக்கு. பஸ்ஸர் அடிப்பது அங்கேதான்.

வோல்டேஜ் பார்க்கும்போது மீட்டர் வெறும் பார்வையாளர். கம்பியில் ஏற்கெனவே இருப்பதை அது பார்த்துச் சொல்கிறது. அதனால் மின்சாரம் இருக்கும்போதுதான் அந்த அளவு எடுக்க முடியும். ஓம், கன்டினியூட்டி இரண்டிலும் கதை வேறு. மீட்டர் தன் பேட்டரியிலிருந்து சிறு மின்னோட்டத்தைத் தானே அனுப்பி, அது எவ்வளவு எளிதாகத் திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. அங்கே வெளி மின்சாரம் துளியும் இருக்கக் கூடாது. பிளக்கை உருவிவிட்டுத்தான் ஓம் பார்க்க வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஓமில் வைத்த மீட்டரைக் கரண்ட் உள்ள பாயின்ட்டில் சொருகினால் தவறான எண் வருவதோடு நிற்காது. மீட்டரும் போகலாம், கையும் சுடலாம்.

கறுப்பு ஒயர் எப்போதும் `COM` துளையில். சிவப்பு ஒயர் `VΩmA` என்று போட்ட துளையில். மூன்றாவதாக `10ADC` என்று ஒரு துளை இருக்கும். சிவப்பு ஒயரை அதில் வைத்துக்கொண்டு பிளக் பாயின்ட்டைத் தொடுவதுதான் மல்டிமீட்டரால் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. அந்தத் துளைக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு கம்பித் துண்டுதான் இருக்கிறது. பேஸையும் நியூட்ரலையும் நேராகக் கம்பியால் இணைத்ததற்குச் சமம் அது. விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் கிடையாது. வீட்டு வேலைக்கு அது தேவைப்படாது என்பதால், அந்தத் துளையின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுவது நல்லது.

முதலில் பாயின்ட், பிறகுதான் பாக்ஸ்

அயர்ன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால், அதைச் சொருகிய பாயின்ட்டில் கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு பாயின்ட்டில் அது சூடாகவில்லை என்பதால் பாக்ஸ்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அவனுக்குக் காட்டுவதற்காக அவர்கள் வீட்டு பாயின்ட்டையே பார்த்தோம்.

திருகை `V~` பக்கத்தில் 750இல் வைத்தேன். அடுத்தது 200. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அது பற்றாது. எவ்வளவு இருக்கும் என்று தெரியாத இடத்தில் பெரிய எண்ணில் தொடங்கி இறங்கி வர வேண்டும். காலில் செருப்பு, உலர்ந்த கை, ஒயர் முனைகளின் கழுத்தில் உள்ள பிளாஸ்டிக் விளிம்புக்கு முன்னால் விரல் போகக் கூடாது. இன்றைய பாயின்ட்டுகள் பலவற்றின் துளைக்குள் ஷட்டர் இருக்கும். மீட்டர் முனை உள்ளே போகாது. அதைக் கம்பியால் நெம்ப வேண்டாம். ஷட்டர் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி அதில் அளந்தால் போதும்.

மூன்று துளை பாயின்ட்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த். வலது பக்கம் பேஸ். இடது பக்கம் நியூட்ரல். மூன்று அளவுகள் எடுத்தோம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 231. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1. பாயின்ட் நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் சாட்சி. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எர்த் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே போகிறார்கள்.

எண்கள் மாறினால் அதற்கும் பொருள் உண்டு. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 இருந்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்றும் இல்லையென்றால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பூஜ்யமோ, 60, 90 என்று நிலையில்லாத எண்ணோ வந்தால், எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இல்லை, அல்லது இருந்தும் எங்கும் சேரவில்லை. இடது துளைக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. அயர்ன் பாக்ஸ் அதிலும் சூடாகும். ஆனால் தெர்மோஸ்டாட் துண்டித்த பிறகும் காயிலில் பேஸ் நின்றுகொண்டிருக்கும். இவற்றில் எது வந்தாலும் அது எலக்ட்ரீஷியனுக்கான வேலை.

"மாமா, இதை டி.சி.யில வச்சுப் பார்த்தா?" என்றான். நல்ல கேள்வி. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. டி.சி.யில் வைத்த மீட்டர் அதன் சராசரியைத்தான் பார்க்கும், சராசரி பூஜ்யம். 230 வோல்ட் உள்ள பாயின்ட்டில் திரை கிட்டத்தட்ட 0 காட்டும். அதை நம்பிக் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் வயர்மேன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓர் இடத்தில் கரண்ட் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த பாயின்ட்டில் மீட்டரை வைத்து 230 வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சந்தேகத்துக்குரிய இடம். பிறகு மறுபடி தெரிந்த பாயின்ட். நடுவில் மீட்டரின் ஒயரே அறுந்திருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் ஒன்று உண்டு. ஃபேன் ஸ்விட்சை அணைத்துவிட்டு மேலே உள்ள கம்பியில் வைத்தால் மீட்டர் 40, 70 என்று ஏதாவது காட்டும். பக்கத்தில் ஓடும் கரண்ட் கம்பியிலிருந்து தொடாமலே ஏறும் சிறு மின்னழுத்தம் அது. நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் அந்தச் சிறு கசிவைக்கூட அது உறிஞ்சிவிடாமல் எண்ணாகக் காட்டிவிடுகிறது. அந்தக் கம்பியின் முனையில் ஒரு குண்டு பல்பை மாட்டி அளந்தால் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். விழவில்லையென்றால் அது நிஜமான கரண்ட். எது என்று தெரியும்வரை நிஜம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பீப் எதற்கு அடிக்கிறது?

பாயின்ட் சரி. இனி பாக்ஸ். பிளக்கை உருவி மேஜையில் வைத்தோம்.

கன்டினியூட்டியில் வைத்து மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் பஸ்ஸர் அடிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். முனைகளைப் பிரித்தால் திரையின் இடது ஓரத்தில் `1` மட்டும் நிற்கும்; சில மீட்டர்களில் `OL` என்று வரும். புதியவர்கள் இதை ஒரு ஓம் என்று படித்துவிடுகிறார்கள். அதன் பொருள் அதற்கு நேர் எதிரானது: நான் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது, பாதை இல்லை.

பஸ்ஸர் எப்போது அடிக்கும்? பாதையின் தடை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் அடிக்கும். அந்த எல்லை மீட்டருக்கு மீட்டர் மாறும். சிலவற்றில் 30 ஓம், சிலவற்றில் 50, 70. கம்பி அறுந்திருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்விட்ச் சேருகிறதா என்று பார்க்க இது போதும். அவையெல்லாம் ஒரு ஓமுக்கும் கீழே அல்லது முற்றிலும் துண்டிப்பு என்று இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட்டர் காயிலைப் பஸ்ஸரால் சோதிக்கக் கூடாது. நல்ல அயர்ன் பாக்ஸின் காயில் ஐம்பது ஓம் சுமாருக்கு இருக்கும். எல்லை 30 ஓம் உள்ள மீட்டர் அதற்கு வாய் திறக்காது. நல்ல கீசரின் காயில் 26 ஓம் சுமார். அதே மீட்டர் அதற்கு உரக்கக் கத்தும். ஷார்ட் ஆன கம்பிக்கும் அதே சத்தம்தான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். கீசர் ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது. "பொறு, முதல்ல இதை முடிப்போம்" என்றேன்.

ஓம் சொல்லும் கணக்கு

பாக்ஸின் பின்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று இருந்தது. இந்த இரண்டு எண்களும் இருந்தால் காயிலின் தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, வாட்டால் வகுக்க வேண்டும்.

```
R = V² / P
230 × 230 / 1000 = 52.9 Ω
```

750 வாட் பாக்ஸ் என்றால் 70 ஓம் சுமார். 1500 வாட் கெட்டில் என்றால் 35. 2000 வாட் கீசர் என்றால் 26 அல்லது 27. இந்தக் கணக்கு, கம்பியைச் சூடாக்குவதே வேலையாக உள்ள சாமான்களுக்கு மட்டும்தான். மிக்ஸி, ஃபேன், மோட்டார் பம்பு இவற்றுக்கு ஒத்துவராது, எல்.இ.டி. பல்புக்கும் வராது. பழைய குண்டு பல்பும் ஏமாற்றும். 100 வாட் பல்புக்குக் கணக்கின்படி 529 ஓம் வர வேண்டும்; குளிர்ந்த பல்பில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வரும். அதன் டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சூடேறும்போதுதான் தடை ஏறுகிறது. அயர்ன் பாக்ஸில் உள்ள நிக்ரோம் கம்பி அப்படி அதிகம் மாறாது. அதனால்தான் குளிர்ந்திருக்கும்போது எடுத்த அளவையே நம்ப முடிகிறது.

எதிர்பார்க்கும் எண் 53 என்பதால் திருகை `Ω` பக்கத்தில் 200இல் வைத்தோம். முனைகளை ஒன்றாகத் தொட்டபோது திரை 0.4 காட்டியது. அது மீட்டர் ஒயர்களின் சொந்தத் தடை. இனி வரும் சிறு எண்களிலிருந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களில் முனைகளை வைத்தோம். `1`.

"அவுட்!" என்றான்.

"குமிழ் எங்க இருக்குன்னு பாரு."

தெர்மோஸ்டாட் குமிழ் ஆஃபில் இருந்தது. அந்த நிலையில் பாதையை அதுவே துண்டித்து வைத்திருக்கும். எவ்வளவு நல்ல பாக்ஸும் `1`தான் காட்டும். குமிழைக் காட்டன் வரை திருப்பி மறுபடி வைத்தோம். அப்போதும் `1`. இப்போதுதான் பாக்ஸில் நிஜமாகவே எங்கோ பாதை அறுந்திருக்கிறது என்று சொல்ல முடியும். ஆனால் காயில்தான் என்று இன்னும் சொல்ல முடியாது. பிளக்கிலிருந்து பிளக் வரையிலான வழியில் ஒயர், தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ், காயில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. எது அறுந்தாலும் திரையில் ஒரே `1`.

பின்பக்க மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றினோம். முதலில் காயிலின் இரண்டு முனைகளில் நேராக வைத்தோம்: 53.1. கழித்தால் 52.7. காயில் புதிதுபோல இருந்தது. அடுத்துத் தெர்மோஸ்டாட், அது வெறும் தொடுப்பு என்பதால் கன்டினியூட்டியில். பீப். தெர்மல் ஃபியூஸ். பீப். மிச்சம் இருந்தது ஒயர். பிளக்கின் நியூட்ரல் பின்னிலிருந்து உள்ளே சேரும் இடம் வரை பீப். பேஸ் பின்னிலிருந்து உள்ளே வரை மௌனம். முனைகளை எடுக்காமல், பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒயரை மெல்ல வளைக்கச் சொன்னேன். ஒரு கோணத்தில் பீப் வந்து நின்றது. தேய்க்கும்போது ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி, உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருந்தது. அயர்ன் பாக்ஸ்களில் அடிக்கடி போகும் இடம் அதுதான்.

எர்த்தைப் பார்க்காமல் மூடக் கூடாது

ஹார்ட்வேர் கடையில் புதிய மூன்று கோர் அயர்ன் பாக்ஸ் ஒயர் வாங்கி மாட்டினோம். பிளக்கில் இப்போது 53.2. வேலை முடிந்ததென்று சொருகப் போனவனை நிறுத்தினேன். இரண்டு அளவுகள் பாக்கி.

ஒன்று, எர்த் பின்னுக்கும் பாக்ஸின் உலோகத்துக்கும் நடுவே. இங்கே பாதை இருந்தே ஆக வேண்டும். நான்ஸ்டிக் பூச்சின் மேல் வைத்தால் `1` காட்டும், பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. வெறும் உலோகம் தெரியும் ஓரத்தில் வைத்தோம்: 0.6. ஒயரின் 0.4 போக 0.2. சரி.

இரண்டு, பேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே. இங்கே பாதை இருக்கவே கூடாது. திருகை `2000k`வுக்கு ஏற்றினோம். வந்த எண் 1100க்கும் 1400க்கும் நடுவே ஆடியது. அவன் முகம் சுருங்கியது. இரண்டு முனைகளின் உலோகத்தையும் விரலால் அழுத்திப் பிடித்திருந்தான்! மீட்டர் அளந்தது பாக்ஸை அல்ல, அவன் உடம்பை. 200 ஓம் ரேஞ்சில் இது தெரியாது. பெரிய ரேஞ்சில் நம் தோலே குறுக்கே பாதையாகிவிடும். பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்து வைத்தான். `1`. சரி.

இந்தக் கடைசி அளவுக்கு ஓர் எல்லை உண்டு. மீட்டர் தன் பேட்டரியின் சில வோல்ட்டைக் கொண்டுதான் கசிவைத் தேடுகிறது. அங்கே கசிவைக் காட்டினால் சாமான் நிச்சயமாக ஆபத்து. காட்டாவிட்டால் நிச்சயமாக நல்லது என்று சொல்லிவிட முடியாது. சில வோல்ட்டுக்குத் தாங்கும் இன்சுலேஷன் 230 வோல்ட்டில் விட்டுக்கொடுக்கலாம். சூடானால் மட்டும், ஈரமானால் மட்டும் கசியும் காயில்களும் உண்டு. இதற்காகவே எலக்ட்ரீஷியன்கள் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெகர் வைத்திருக்கிறார்கள். சொருகினால் ஷாக் அடிக்கும், ஆர்.சி.சி.பி. விழும் என்றால் மல்டிமீட்டர் என்ன சொன்னாலும் அந்தச் சாமானை ஒதுக்கி வைக்க வேண்டும். மைக்ரோவேவ் அவனைத் திறக்கவே கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கலாம்.

இன்னொன்று, மீட்டரின் பேட்டரி. திரையில் பேட்டரிச் சின்னம் வந்துவிட்டால் அன்றைக்கு எடுத்த எண் எதையும் நம்பக் கூடாது. பேட்டரி இறங்கிய மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கரண்ட் ஏறி வருகிறதோ என்று மின்வாரியத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மறுபடி கீசர்

அயர்ன் பாக்ஸ் சூடானது. அக்கா துணியை எடுக்கப் போனார். அவன் நேரே குளியலறைக்குப் போனான். கீசரின் பிளக்கை உருவி, மூடியைக் கழற்றி, காயிலின் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்தான். இந்த முறை பஸ்ஸரில் அல்ல, 200 ஓமில்.

"26.9 மாமா. 0.4 போனா 26.5. சீட்டுல 2000 வாட்." கொஞ்சம் யோசித்தான். "அப்போ இது ஷார்ட் இல்லை. ஷார்ட்டா இருந்தா போட்ட உடனே எம்.சி.பி. விழுந்திருக்கணும்ல?"

காயிலுக்கும் உலோக உடலுக்கும் நடுவே `2000k`வில் `1`. அதுவும் சரி. தண்ணீர் சூடாகாததற்குக் காரணம் வேறு எங்கோ. வழியில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தான். தெர்மோஸ்டாட்டில் பீப். அதன் பக்கத்தில் இருந்த தெர்மல் கட்அவுட்டில் மௌனம். அதன் நடுவில் சிறிய பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அழுத்தினான், டக். பீப்.

"சொருகட்டுமா?"

"சொருகாதே" என்றேன். "தண்ணி அளவுக்கு மேல கொதிச்சாத்தான் அந்தப் பொத்தான் துள்ளும். தெர்மோஸ்டாட் சேருதுன்னு உன் மீட்டர் சொல்லுது. சூடானதும் அது பிரியுதான்னு சொல்லலையே."

தெர்மோஸ்டாட்டை மாற்ற எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார் அக்கா. ஒயரும் அந்தப் புதிய தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து வந்த பில், புதிய கீசர், புதிய அயர்ன் பாக்ஸ் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவன் மட்டும் ஒரு துண்டு வெள்ளை டேப்பில் 26.5 என்று எழுதிக் கீசர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தான். அடுத்த முறை திறப்பவருக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை.